காதுக்கு எழுதும் வசனம்

தமிழ் நெடுந்தொடரின் வசனத்தை ‘இழுவை’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடும் விமர்சகர்கள், அது யாருடைய காதுக்காக எழுதப்படுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ ஆகிய தொடர்களின் காலம் முதலே, அரை மணி நேரத்தில் விளம்பரம் போக எஞ்சும் 20 நிமிடத்துச் சொச்சக் கதையைப் பெண்கள் பலர் அடுப்படியில் நின்றபடியும் துணி மடித்தபடியும்தான் கேட்டு வருகின்றனர். இவர்கள் திரையைப் பார்ப்பது இடையிடையேதான் என்பதால், பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், என்ன நடந்தது என்ற மூன்றும் வசனத்திலேயே விளங்கியாக வேண்டும்.

முதல் இரண்டும் எளியவை. ‘அத்தை’, ‘அண்ணி’ என்ற உறவுமுறையாலோ பெயராலோ விளித்து வசனத்தைத் தொடங்கினால் போதும். மூன்றாவதுதான் எழுதுபவரைப் படுத்துவது; ஏனெனில் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல், அதாவது நடந்ததைச் சொல்லும் சொல், பெரும்பாலும் கடைசியில் வருகிறது. “அத்தை, ஊர்ல இருக்கிற நெலத்தை உங்க பெரிய பிள்ளை வித்துட்டாரு” என்று மருமகள் சொல்லும்போது, குக்கர் விசில் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டால், நிலம், பெரிய பிள்ளை என்ற இரண்டு மட்டுமே கேட்பவரிடம் எஞ்சும். வாங்கினாரா, விற்றாரா, எழுதிக் கொடுத்தாரா என்பது தெரியாது. அதனால் மாமியாரின் பதில், விழுங்கப்பட்ட சொல்லிலேயே தொடங்க வேண்டும்: “என்னது, வித்துட்டானா? அவங்கப்பா வேர்வை சிந்தி வாங்கின நெலத்தையா வித்துட்டான்?” விசிலில் தவறிப்போன வினைச்சொல் இங்கே முன்னும் பின்னுமாக இருமுறை விழுகிறது, நிலம் அப்பா வாங்கியது என்ற புதுச் செய்தியும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

எதிரொலி எனப்படும் இந்த உத்தியும் மிக்ஸி ஓடும்போது பயன்படாது. சட்னி அரைபட்டு முடியும்வரை இரண்டு வசனங்களுமே காதில் விழுவதில்லை. எனவே செய்தி மூன்றாவது முறையும் அதே காட்சியில் வருவது வீண். விளம்பர இடைவேளைக்குப் பின், செய்தியே தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வரும்போது அதைச் சொல்ல வேண்டும். “வாடா சரவணா, உங்கண்ணன் பண்ணின காரியம் தெரியுமா? நெலத்தை வித்துட்டான்டா” என்று தாய் அழுகையோடு சொல்ல, மகன் “யாருக்கும்மா வித்தான்?” என்று கேட்கும்போது, கேட்காதவருக்குச் செய்தி கிடைக்கிறது, கேட்டவருக்குக் கதை ஓர் அடி நகர்கிறது. ஒவ்வொரு மறுகூறலும் ஒரு புது ஆளைச் சென்றடைய வேண்டும், உணர்ச்சியும் மாறியிருக்க வேண்டும் என்பதே இதன் இலக்கணம். இன்றைய இளம் வசனகர்த்தாக்கள், அறிந்தவரிடமே அறிந்ததை அதே வாக்கியத்தில் மூன்று முறை சொல்ல வைத்துவிட்டு, அதையே தொடர் எழுத்து என்கின்றனர். இழுவை என்ற பழி அதற்குத்தான் பொருந்துமே அன்றி இத்தொழிலுக்கு அன்று.

வானொலி நாடகத்திலிருந்து சின்னத்திரைக்கு வந்த மூத்த வசனகர்த்தா ஒருவர், இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருந்தார். எழுதிய காட்சியை ஓர் உதவியாளர் வாசிக்க, குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டி நின்று கேட்கும் மற்றவர், பிடி விட்டுப்போன இடத்தில் கையை உயர்த்த வேண்டும். அவ்விடத்தில் தாளில் கோடு விழும், கோடு இல்லாமல் போகும்வரை அக்காட்சி படப்பிடிப்புக்குப் போகாது. வாக்கியம் நீளக் கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர்; கேமராவுக்கு அருகில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க நடிகர் திருப்பிச் சொல்லும் ‘பிராம்ப்டிங்’ முறையில், நீண்ட வாக்கியம் நடுவில் உடையும், உடைந்த இடத்தில் பொருளும் உடையும் என்பதே அவர் கூறிய காரணம். காலையில் எழுதி மதியம் படமாக்கும் இன்றைய அவசரத்தில் அப்பயிற்சி அறவே ஒழிந்துவிட்டது.

ஒலிக்குறிப்புகளுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. தட்டு விழும் ஓசையோ பின்னணி இசையின் திடீர் அதிர்வோ, சமையலறையில் இருப்பவரைக் கூடத்துக்கு அழைக்கும் குறிப்பாக இருந்தது; அவர் எட்டிப் பார்க்க ஆகும் சில நொடிகளுக்காகவே ஒவ்வொரு முகமாகத் திரையில் காட்டி, முக்கிய வசனம் நிறுத்திவைக்கப்பட்டது. காப்பி கொடுப்பதற்கும் அதே அதிர்வு இடப்படும் இந்நாளில், அதைக் கேட்டு யாரும் திரும்புவதில்லை.

இவற்றினும் பெரிய குறை, கைப்பேசிக்கு வந்த செய்தியைத் திரையில் எழுத்தாகக் காட்டி, நாயகியின் கண்ணீரோடு பகுதியை முடிப்பது. பாத்திரம் துலக்குபவருக்கு அங்கே கேட்பது வயலின் மட்டுமே. “வட்டி கட்டலைன்னு வீட்டை ஏலம் விடப் போறாங்களாமே!” என்று அவள் வாய்விட்டுப் படிக்க ஒரு வரி எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது; ஆனால் அந்த வரியை எழுதுவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று இன்றைய எழுத்தாளர்கள் எண்ணுகின்றனர்.