வடிவு என்று சொல்லுமுன்

ஒருவரின் தோற்றத்தைப் புகழ்வது எம்மவரிடையே சற்று அச்சத்தோடு செய்யப்படும் காரியம். "மாஷா அல்லாஹ்" சேர்க்காமல் "வடிவு" என்று சொல்லிவிட்டால் கண்ணூறு பட்டுவிடும் என்று உம்மாமார் பதறுவார்கள். குளித்துக்கொண்டிருந்த ஸஹ்ல் இப்னு ஹுனைஃபின் மேனியை ஆமிர் இப்னு ரபீஆ வியந்து பேச, ஸஹ்ல் சுருண்டு விழுந்த சம்பவம் இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. பரக்கத்துக்காக துஆச் செய்திருக்கக் கூடாதா என்றே நபியவர்கள் (ஸல்) ஆமிரிடம் கேட்டார்கள். வியக்கும்போது எதிரே நிற்பவரின் நலனையும் நினைக்க வேண்டும் என்றே இதனை நான் விளங்கிக்கொண்டேன்.

எங்களோடு ஆசிரியர் கலாசாலையில் படித்த ஒரு டீச்சர், கணவர் மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து, மீண்டும் பாடசாலைக்கு வந்தார். ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்குக் கடற்பச்சைச் சாரி உடுத்திருந்தார். அவ்வளவு காலமும் வெள்ளையில் இருந்தவர். விழாவில் எடுத்த படம் மாலையில் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது.

"பத்து வயசு குறைஞ்சாப்போல" என்றார் ஒருவர். "இப்பதான் பார்க்க நல்லாயிருக்கு" என்றார் இன்னொருவர். இரண்டும் அன்பால் வந்தவைதான். ஆனால் 'இப்பதான்' என்ற சொல், நேற்றுவரை அவர் அழுதிருந்த முகத்தைக் குறைசொல்லிவிடுகிறது. வயதைக் குறைப்பதோ, துக்கம் தீர்ந்துவிட்டதாக நாமே முடிவு கட்டுவதாகிறது. உடம்பு, நிறம், வயது, நேற்றைய முகம் ஆகியவற்றை அளவுகோலாக எடுத்தால் பாராட்டு இப்படித்தான் குத்தும்.

என் மனைவி சாரியைப் பற்றி மட்டும் கேட்டா: "இந்தக் கடற்பச்சை உங்களுக்கு நல்லா அமைஞ்சிருக்கு, மாஷா அல்லாஹ். நீங்களே தெரிஞ்சு எடுத்ததா?"

"ஓம், நானே போய் எடுத்தன். முன்னெல்லாம் அவர்தான் எடுத்துத் தருவார்" என்றார் டீச்சர். பிறகு நெடுநேரம் இருவரும் கடையையும் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் தானே தெரிவு செய்த ஒன்றை என் மனைவி கண்டுகொண்டா. அதனால் டீச்சருக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்ல முடிந்தது.

ஆண் என்ற வகையில் எனக்கு இன்னும் எல்லை உண்டு. சாரியைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ நான் பேசுவது முறையல்ல. படத்தில் அவர் குனிந்து, ஒரு சிறுமியின் சட்டையில் கழன்ற பட்டியைக் குத்திக்கொண்டிருந்தார். மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லோரும் இருக்கையில், "அந்தப் படத்தில பழைய டீச்சரைக் கண்டன். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றேன். "ஆமீன், சேர்" என்று சொல்லிவிட்டு அவர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

ஒரு வசனம் போதும். இரண்டாவது வசனத்தில் முகஸ்துதி தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு வசனத்துக்குரியது கண்ணில் படாவிட்டால் ஸலாம் சொல்லிச் சுகம் விசாரிக்கலாம். அதில் பொய் கலக்காது.