முதலாளி கேட்ட தேதி

செம்மேட்டில் மிளகுக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தேன். மழையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டுடன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீடு சேர்ந்தேன்.

"எப்போது வருவீர் பாய்?" என்றார் முதலாளி, தொலைபேசியில்.

"15 நாளில், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்ல நா எழுந்தது. வேலை போய்விடுமே! ஆயினும் அந்தச் சொல் பொய்த் தேதிக்குப் போர்வையன்று. அதை நம்பி அவர் மாற்றாள் வைக்காவிடில் மிளகுப் பருவம் கெடும்.

"6 வாரத்திற்கு முன் கட்டுப் பிரிக்கமாட்டார்கள். அன்றைய எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தால் 10-ஆம் வாரம் வருவேன்; இல்லையேல் தேதி தள்ளும். மாற்றாள் வையுங்கள். ஒரு வெள்ளி விட்டு மறு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் பேசுகிறேன்" என்றேன்.

4-ஆம் வாரம் புதிதாய் ஒன்றுமில்லை, அதையே சொன்னேன். 6-ஆம் வாரம் எலும்பு சரியாகக் கூடவில்லை; 12-ஆம் வாரம் என்று திருத்தினேன். அவர் மாற்றாளை நீட்டித்துக்கொண்டார். 12-ஆம் வாரம், "மூட்டை தூக்க இயலாது, கல்லாவில் அமரலாம்" என்றேன்.

"வாரும்" என்றார்.