இறங்கி வரும் தட்டு

இக்காலத்தில் கட்டப்படும் வீடுகளில் குசினியின் கோலம் முற்றாக மாறிவிட்டது. மண்ணடுப்பும் புகைக்கூடும் இருந்த இடத்தில் இன்று சீமெந்துத் திட்டு இருக்கின்றது. அதன்மேல், சுவரோடு ஒட்டி, தலைக்கு மேலே அலுமாரிகள் தொங்குகின்றன. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் உயரத்தை நிருணயித்தவர் யாரோ ஆறடி ஆள் என்றே எண்ண வேண்டியுள்ளது. அக்குசினியில் நாள் முழுவதும் நிற்கும் பெண்மணிகளோ பெரும்பாலும் ஐந்தடிக்கும் குறைந்தவர்கள்.

எம் அன்னையாருக்கு வயது எழுபத்து நான்கு; உயரம் 4 அடி 9 அங்குலம். யாழ்ப்பாணத்திலுள்ள எம் இல்லத்தின் சமையல் திட்டு நிலத்திலிருந்து 34 அங்குலம். சுவர் அலுமாரியின் அடித்தட்டு 54 அங்குலத்தில் உள்ளது, நடுத்தட்டு 65, மேல்தட்டு 76. அன்னையார் வெளியில் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினால் விரல்நுனி 69 அங்குலம் வரை செல்லும். எனவே நடுத்தட்டு எட்டுமே என்று வாசகர் எண்ணக்கூடும். அங்கேதான் சூழ்ச்சி இருக்கின்றது. இடையிலே இரண்டடி அகலமான திட்டு குறுக்கிடுவதால் கை செங்குத்தாக மேலே செல்ல முடியாது. சரிந்து முன்னே நீள வேண்டும். அவ்வாறு நீட்டும்போது விரல்நுனி 62 அங்குலத்துக்கு மேல் செல்லவில்லை. ஆகவே மூன்று தட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் அவருக்குரியதாயிற்று. மற்றவை இரண்டும் வீட்டிலுள்ள உயரமானவர்களின் தயவில் இருந்தன.

தயவை நாடுவது அவர் சுபாவம் அன்று. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவார். கடந்த ஆண்டு மார்கழியில், சீரகப் போத்தலுடன் இறங்கும்போது முக்காலி சரிந்தது. தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பின்விளைவு என்னவென்பதைப் பல குடும்பங்கள் அறியும். முக்காலியை ஒளித்து வைத்தோம். அதன்பின், "தம்பி, உந்த ரின்னை எடுத்துத் தா எண்டு எத்தினை தரம் கேக்கிறது? இது என்ரை குசினியோ, ஆற்றையேன் குசினியோ?" என்ற கேள்வி தினந்தோறும் எழலாயிற்று. நியாயமான கேள்வியே.

ரொறன்ரோவில் வசிக்கும் எம் தங்கை இதனைக் கேள்வியுற்று, ஒரு பொறியை அனுப்புவதாகக் கூறினாள். அலுமாரியினுள்ளே பொருத்தப்படும் இரண்டடுக்குக் கம்பித்தட்டு அது. கைப்பிடியைப் பற்றி இழுத்தால் தட்டு முழுவதும் முதலில் முன்னே வந்து, பின்னர் கீழே இறங்கும். பொருளை எடுத்தபின் மெல்லத் தள்ளினால் மீண்டும் அலுமாரிக்குள் ஏறி அமர்ந்துகொள்ளும். எமக்கு வந்தது ஏறத்தாழ ஓரடி முன்னும், 13 அங்குலம் கீழும் வருவது. 55, 65 அங்குலங்களில் இருந்த இரு அடுக்குகளும் இறங்கியபின் 42, 52 அங்குலங்களில் நிற்கும். அன்னையாரின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நேரே என்று சொல்லலாம்.

வாங்குமுன் அளக்க வேண்டியது அலுமாரியின் உள்ளகலமாகும். பெட்டியில் "24 அங்குல அலுமாரிக்கு" என்று குறித்திருந்தாலும், அந்த 24 வெளியளவு. அந்நாட்டு அலுமாரியின் பக்கப்பலகை முக்கால் அங்குலத் தடிப்பு என்ற கணக்கில், உள்ளே 22½ அங்குலம் வேண்டும். எம் ஓடாவியார் ஓரங்குலத் தேக்கில் செய்த அலுமாரியில் உள்ளளவு 22தான் இருந்தது. இதனை முன்கூட்டியே அளந்து பார்த்ததால், பொறி வந்து சேருமுன் புதிய கூடொன்று செய்விக்க அவகாசம் கிடைத்தது. கதவுக்கீல்களும் தொண்ணூறு பாகைக்கு மேல் நன்கு விரியவேண்டும். அல்லாவிடில் இறங்கும் தட்டு கதவில் உரசும்.

ஓடாவியார் எழுப்பிய ஐயமொன்று எமக்கு மிகவும் பிடித்திருந்தது. "மாஸ்டர், சாமான் உள்ளுக்கை இருக்கேக்கை சுவருக்குக் கிட்ட நிக்குது. இழுத்தால் வெளியிலை வந்து தொங்கும். அலுமாரி சுவரோடை நிக்குமோ?" என்றார். கணக்கும் அதுவே. உள்ளே இருக்கும்போது பாரத்தின் மையம் சுவரிலிருந்து ஆறு அங்குலம். இறங்கியபின் பதினெட்டு அங்குலம். மேல் ஆணிகளைப் பிடுங்க முயலும் திருப்பம் மும்மடங்காகின்றது; அதனோடு இழுப்பவர் கையின் விசையும் சேருகின்றது. எம் சுவரோ உட்குடைவான சீமெந்துக் கல்லால் ஆனது. அதிலே செருகிய திருகாணி நாளடைவில் தளரும். ஆகவே அவர் சுவரின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதனை மேலேயுள்ள கொங்கிறீட் வளையில் தடித்த ஆணிகளால் இறுக்கி, அச்சட்டத்திலே அலுமாரியைத் தூக்கினார்.

தட்டு சரியாமல் மட்டமாகவே இறங்குவது எவ்வாறு என்று எம் மாணவர் சிலர் வினவினர். இருபக்கத்திலும் ஒரே நீளமான இரண்டிரண்டு கைகள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, தட்டைத் தாங்குகின்றன. பலசரக்குக் கடை மேசைத் தராசின் உட்புறத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. பிரான்சிய கணித அறிஞர் றோபேர்வல் 1669ஆம் ஆண்டில் விளக்கிக்காட்டிய தராசும் இவ்வமைப்பை உடையதே. அத்தராசில் பொருளைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் நிறை ஒன்றே. இங்கும் அவ்வாறே; தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் பாரம் ஒரே கணக்கில்தான் சேரும்.

பாரத்தைத் தாங்குவது வாயு வில். மோட்டார் வண்டியின் பின்கதவைத் தூக்கி நிறுத்தும் உருளைத் தண்டை வாசகர் பார்த்திருப்பர், அதே இனம். உள்ளே அழுத்தி அடைத்த நைதரசன் வாயு உண்டு. இதன் குணத்தை விளங்கிக்கொள்ள நம் துலாவை நினைத்தால் போதும். துலாவின் அடிப்புறத்தில் கட்டிய பாரம் நிறைந்த பட்டையைத் தூக்கிவிட உதவும். வெறும் பட்டையைக் கிணற்றுள் இறக்கும்போதோ அதே பாரம் எதிர்த்து நிற்கும், கயிற்றை வலிந்து இழுக்க வேண்டும். இத்தட்டும் வெறுமையாக இருக்கும்போதுதான் இறக்கக் கடினம். முதல்நாள் அன்னையார் வெறுந்தட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை இழுக்கிற பெலன் இருந்தால் நான் கிணத்திலை தண்ணி அள்ளியிருப்பன்" என்றார்.

நாம் ஒரு விற்றராசைக் கொண்டுவந்து, தட்டு நடுவழியில் நேர்கீழே இறங்கும் இடத்தில் கொளுவி இழுத்தோம். வெறுந்தட்டுக்கு 6 கிலோ இழுவை வேண்டியிருந்தது. நான்கு கிலோ சாமான் வைத்தபின் இரண்டு கிலோ இழுவை போதும். ஆறு கிலோ வைத்தால் விட்ட இடத்தில் நிற்கும். ஒன்பது வைத்துப் பார்த்தபோது தட்டு தானே கீழே விரைந்தது. திருப்பி ஏற்ற மூன்று கிலோ விசையுடன் தள்ளவேண்டியிருந்தது. "எவ்வளவு பாரம் தாங்கும்" என்று மட்டுமே விற்பனைத்தாள்கள் கூறும். முதியவர் கேட்க வேண்டியதோ, எவ்வளவு பாரத்தில் சமநிலைப்படும் என்பதே. வில்லின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி சிலவகைப் பொறிகளில் உண்டு, எமதில் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கின்றது. தட்டு கீழே நிற்கும்போது இரண்டு கிலோ சீனி ரின்னைத் தூக்கினால், தட்டின் பாரம் அந்த அளவு குறைந்துவிடும். வில் தட்டை மேலே உந்தும். கீழே வந்தபின் கொளுவி நிற்கும் தாழ்ப்பாள் உள்ள வகைகளில் இத்தொல்லை இல்லை. எமது பொறியில் மூட்டுகளின் உராய்வு ஒரு கிலோ வேறுபாடு வரை பொறுத்துக்கொள்கின்றது. அதற்கு மேல் பொறுக்காது. ஆகவே அரை கிலோவுக்கு மேற்பட்ட எதனையும் அங்கே வைப்பதில்லை என்று தீர்மானித்தோம். மிளகாய்த்தூள், தேயிலை, ஏலம், சீரகம், பெருஞ்சீரகம், கறுவா எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ. மீதி மூன்று கிலோவுக்கு என்ன செய்வது?

விடை கூறியவர் அன்னையார். கொல்லைப்புறத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய அம்மிக்குழவியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். நிறுத்துப் பார்த்தோம்; மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அதனைச் சீலைத்துண்டில் சுற்றி, உருளாதபடி கீழடுக்கின் கம்பியோடு பின்புறமாக இறுகக் கட்டினோம். அன்று தொடக்கம் தட்டு இரு விரலுக்கு இணங்கி வருகின்றது.

அரிசி, சீனி, மா ஆகியவை இப்பொழுது திட்டின் கீழுள்ள இழுப்பறையில் இருக்கின்றன. உண்மையைச் சொல்வதாயின், கீழே ஆழமான இழுப்பறைகள் போதிய அளவு உள்ள குசினிக்கு இப்பொறி அவசியமே இல்லை, செலவும் குறைவு. எம் அன்னையாருக்கு முழங்கால் மடங்குவது கடினமாகையால் எல்லாவற்றையும் கீழே இறக்க முடியவில்லை. தோள் உயராதவர்களுக்கோ இத்தட்டும் உதவாது. கைப்பிடியைப் பற்றவே 56 அங்குலம் வரை கை எழவேண்டும். இட இழப்பும் உண்டு. பொறியின் கைகள் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலத்தை விழுங்கிவிடுகின்றன. திட்டின்மேல் எட்டு அங்குலத்துக்கு உயர்ந்த எதுவும் நேர்கீழே இருத்தலாகாது என்பதால் கிரைண்டர் மறுகோடிக்குச் சென்றது. இழுப்பவரும் அரையடி பின்வாங்கி நிற்கப் பழகவேண்டும். தட்டின் முன்விளிம்பு திட்டின் ஓரம் வரை வரும்.

வாயு வில் என்றென்றைக்கும் உழைப்பதன்று. உள்ளிருக்கும் வாயு மெல்ல மெல்லக் கசியும். எம் ஊர் உப்புக்காற்றில் தண்டு துருப்பிடித்துச் சொரசொரத்தால் கசிவு விரைவுபடும். தண்டில் எண்ணெய்ப் பசை தென்படுவதும், ஏற்றிவிட்ட தட்டு தானே தொய்ந்து வருவதும் அதன் அறிகுறிகள். இரண்டு விற்களில் ஒன்று தளர்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். அல்லாவிடில் தட்டு கோணும். நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாமானையும் குழவியையும் இறக்கிவிட்டு, விற்றராசைக் கொளுவி, இழுவையைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வருகின்றோம். இதுவரை நான்கு குறிப்புகள்: 6, 6, 5¾, 5¾. ஐந்துக்கு வந்தால் புதிய விற்களுக்குத் தங்கைக்கு எழுதவேண்டும். அதுவரை ஒரு கிலோ குறைந்த குழவியைத் தேடலாமென்று அன்னையார் கூறுகின்றார்.