கடல் வேண்டாம், புளியஞ்சோலை போதும்!

இரவு பதினொன்றரை மணி. துறையூரில் வசிக்கும் அந்த ஆசிரியைக்கு இரண்டு மாதமாகவே தூக்கம் சரியில்லை. படுத்ததும் ப்ளஸ் டூ ரிசல்ட், வீட்டுக் கடன் என்று மனசு பேச ஆரம்பித்துவிடும். தோழி அனுப்பிய தூக்க ஆடியோவைப் போட்டார். "நீங்கள் கடற்கரையில் நடக்கிறீர்கள்..." என்றது ஒரு குரல். கடல் என்றதும் அவர் நினைவுக்கு வந்தது சுனாமிதான். இருந்த கொஞ்சத் தூக்கமும் போனது.

அடுத்த வாரம் செல்போனில் தன் குரலிலேயே ஒன்றைப் பதிவு செய்தார். கடலுக்குப் பதில் புளியஞ்சோலை. கொல்லிமலை அடிவாரத்தில், சின்ன வயதில் அப்பாவோடு போய்க் குளித்த இடம் அது.

பதிவு பதினைந்து நிமிடம். முதலில் பாதத்திலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துவது. பிறகு பத்திலிருந்து ஒன்று வரை எண்ணியபடி, பாறைப் படிகளில் ஆற்றை நோக்கி இறங்குவது. அடுத்து காலில் ஏறும் குளிர்ச்சி, கூழாங்கல்லின் வழவழப்பு, தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்வது. கடைசியில், "உடம்பு கனமாகிறது, தண்ணீர் போகிறபடி போகட்டும்" என்ற ஒரே வாக்கியம், இடைவெளி விட்டு விட்டு. இதுதான் சுய ஹிப்னாசிஸ். நினைவு தப்பாது; எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம்.

இது ஏன் உதவுகிறது? கவலை பெரும்பாலும் வார்த்தைகளாகவே ஓடுகிறது. மனசு ஒரு காட்சியில் மூழ்கினால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைகிறது. 2002-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வில், தூக்கமின்மை உள்ளவர்களில் இதமான காட்சியைக் கற்பனை செய்தவர்கள், எந்த வழிமுறையும் சொல்லப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாகத் தெரிவித்தார்கள். 2014-ல் சுவிட்சர்லாந்தில் இளம் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஹிப்னாசிஸ் பதிவைக் கேட்டவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் கூடியது. ஆனால், அது ஹிப்னாசிஸுக்கு எளிதில் வசப்படுகிறவர்களுக்கு மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காது.

ஆசிரியைக்கும் முதல் இரவே பலிக்கவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே மனசு கடனுக்குப் போய்விட்டது. அது தோல்வி இல்லை. கவனித்ததும் தண்ணீருக்குத் திரும்பினால் போதும். 'தூக்கம் வந்துவிட்டதா?' என்று சோதித்துப் பார்ப்பதுதான் தப்பு. அந்தச் சோதனையே விழிக்க வைக்கும். மூன்றாவது இரவு ஆடியோ முடிந்ததும் ஆட்டோபிளேயில் விளம்பரம் அலறியது. அதை நிறுத்தி, ஸ்கிரீனைக் கவிழ்த்து வைத்தார். பகலில் கேட்கும் பதிவுகளில் முடிவில், "ஐந்து எண்ணியதும் கண்ணைத் திறங்கள்" என்று வரும். இரவுக்கு அது கூடாது. வண்டி ஓட்டும்போது எதையும் கேட்கவே கூடாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, பதிவின் முடிவு அவருக்கு ஞாபகமே இல்லை.

வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டியும் தூக்கமில்லை என்றாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ ஆடியோவை நம்பி இருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்போதும் சில இரவுகள் அவருக்குத் தூக்கம் தள்ளிப்போகிறது. ஆனால், மணி பார்ப்பதில்லை. கால் தண்ணீரிலேயே இருக்கிறது.