பிணை வேறு, விடுதலை வேறு



2024 மார்ச் 28ஆம் திகதி ஞானசார தேரருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 4 வருடக் கடூழியச் சிறை கொடுத்தது. ஜூலையில் பிணையில் வெளியே வந்தார். உடனே நம்ம பக்கம், கொஸ்லந்தை கடைத்தெருவிலிருந்து மீரியபெத்த வரை, ஒரே பேச்சு: "வழக்கு முடிஞ்சி, அவரை விட்டுட்டாங்க." கோபப்பட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள், சந்தோஷப்பட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்த நாட்களில்தான் என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா வந்தார். மகனுக்கு மேல் நீதிமன்றத்தில் 3 வருடம். "சேர், அந்த ஹாமுதுருவுக்குக் கெடச்சது எம் மகனுக்குக் கெடைக்காதா?" என்றார். நியாயமான கேள்வி. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். "2 வருடச் சிறை, 5 வருடத்துக்கு ஒத்திவைப்பு" என்று பத்திரிகையில் வருவது வேறு. அங்கே ஆள் சிறைக்கே போவதில்லை, அந்தக் காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால்தான் உள்ளே. நான் சொல்வது, தண்டனை பெற்றவர் மேன்முறையீடு செய்து, அது முடியும்வரை பிணையில் வெளியே இருப்பது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும்.

மேல் நீதிமன்றத் தீர்ப்பென்றால் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவை அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு சொன்ன நாளும் கணக்கில் சேரும். ஞாயிறும் அரசாங்க விடுமுறையும் சேராது. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவும் கொடுக்கலாம். நம்ம ஆட்கள் பலர் "கொழும்பு லோயரைப் பிடிச்சுட்டு போடலாம்" என்று காத்திருந்தே இந்த நாட்களை விட்டுவிடுகிறார்கள். மனு ஏற்கப்பட்டால்தான் பிணைப் பேச்சே. தீர்ப்புக் கொடுத்த நீதிமன்றத்திலேயே பிணை கேட்கலாம். மறுத்தால் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தீர்ப்புக்கு முன்னால் பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம். தீர்ப்புக்குப் பிறகு அது தலைகீழ். "விசேட காரணம்" காட்டச் சொல்வார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் கஷ்டம், வீட்டில் உழைக்க ஆள் இல்லை என்று மட்டும் எழுதினால் போதாது. எல்லாக் கைதிக்கும் அது உண்டு. சிறையில் வைத்தியம் செய்ய முடியாத நோய், தீர்ப்பில் வெளிப்படையாகத் தெரியும் பிழை, மேன்முறையீடு விசாரிக்கப்படுமுன் தண்டனையே முடிந்துவிடும் நிலை, இப்படி ஏதாவது வேண்டும். 3 வருடத் தண்டனைக்குக் கடைசிக் காரணம் ஓரளவு பொருந்தும், 20 வருடத்துக்குப் பொருந்தாது. ஆள் ஓடிவிட மாட்டார் என்பதையும் காட்ட வேண்டும். லயத்து முகவரிக்காரருக்குச் சிக்கல் இங்கேதான். பிணையாளிகளுக்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மண்சரிவுக்குப் பிறகு வீடு மாறியவர்கள், அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த அக்காவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பிணையில் இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியாது. மேன்முறையீட்டில் தோற்றால் மிச்சத்தைத் திரும்பப் போய் அனுபவிக்க வேண்டும். தேரருக்கும் இதுதான் சட்டம்.

டீவியில் நாமெல்லாம் பார்த்த உதாரணம் சசிகலா. இந்தியச் சட்டத்திலும் இதே கணக்குத்தான். 2014 செப்டம்பர் 27இல் ஜெயலலிதாவோடு அவருக்கும் 4 வருடத் தண்டனை. கர்நாடக உயர் நீதிமன்றம் பிணை மறுக்க, டெல்லி உச்ச நீதிமன்றம் அக்டோபர் 17இல் கொடுத்தது, மேன்முறையீட்டுப் பத்திரங்களை இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2015 மே மாதம் விடுதலை. ஆனால் 2017 பெப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையையே உறுதி செய்தது. ஜெயலலிதா அப்போது உயிரோடு இல்லை. சசிகலா மறுநாள் பெங்களூர் சிறைக்குத் திரும்பினார், வெளியே வந்தது 2021 ஜனவரியில். இடையில் வெளியே இருந்த இரண்டு வருடத்துக்கு மேலான காலம் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

நம்ம சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பிணை கிடைக்காமல், மேன்முறையீட்டாளர் என்ற விசேட நிலையில் சிறையில் இருக்கும் காலமும் தானாகக் கழியாது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படிக் கட்டளையிட்டாலே தவிர. எனவே தண்டனைத் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கிடும்படி கேட்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த அக்கா இதை ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மனு 11ஆம் நாள் போனது. பிணை விசாரணைக்குத் திகதி இன்னும் வரவில்லை.