தொடர்ந்து விழும் ஆறு தலைகள்

புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குள் வழங்கிவரும் பயிற்சி ஒன்று உண்டு. வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தை மெய்யாகவே நூறு முறை சுண்டித் தலையா பூவா என்று வரிசையாக எழுத, மற்றப் பாதிப் பேர் நாணயத்தைத் தொடாமல் மனத்தில் தோன்றியபடி எழுதித் தருவார்கள். ஆசிரியர் தாள்களைக் கலைத்துப் போட்டு, எவை மெய், எவை கற்பனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஹங்கேரி நாட்டுக் கணித ஆசிரியர் வர்கா கையாண்ட இந்த முறையை நானும் விரும்பிக் கையாளுகிறேன். தலைகளையும் பூக்களையும் எண்ணிப் பார்ப்பது பிரயோஜனப்படாது; இரண்டு வகைத் தாளிலும் அவை ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். நான் தேடுவது, இடையில் பூ விழாமல் தலையே தொடர்ந்து விழுந்த மிக நீண்ட வரிசையைத்தான்.

அந்த வரிசை எவ்வளவு நீளம் இருக்க வேண்டுமென்பதை ஒரு துண்டுக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். ஆறோ அதற்கு மேலோ நீளமுள்ள தொடர் ஓரிடத்தில் ஆரம்பமாக வேண்டுமானால், அதற்கு முந்திய சுண்டலில் பூ விழுந்து, பிறகு ஆறு தலைகள் விழ வேண்டும். ஏழு சுண்டல்களும் குறித்தபடியே விழுவதற்கு வாய்ப்பு 128இல் ஒன்று. அப்படி ஆரம்பிக்கத்தக்க இடங்கள் 94. தாளின் முதல் சுண்டலிலேயே ஆரம்பிக்கும் தொடருக்கு முன்னால் பூ வேண்டியதில்லை ஆதலால், அதற்கு 64இல் ஒன்று. யாவற்றையும் கூட்டினால், தாளுக்குச் சராசரி முக்கால் தொடர் கிடைக்கிறது. ஐந்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்றரை வருகிறது. பத்துக்கோ நூற்றில் நாலரைதான். ஒன்றரை முக்காலாகக் குறையும் இந்த எல்லையில்தான் மிக நீண்ட தொடரின் சராசரியும் அமைகிறது. அது ஏறத்தாழ ஆறு. தலையோ பூவோ எதுவானாலும் சரி என்றால் ஏழு.

ஆனால் சராசரி முக்கால் என்பதால் நூறு தாள்களில் எழுபத்தைந்தில் ஆறு தலைகள் இருக்குமென்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில தாள்களில் இரண்டு மூன்று தொடர்கள் சேர்ந்து வந்துவிடுகின்றன. சரியான விடைக்கு, தொடர் இல்லாத தாள்களை எண்ண வேண்டும். சிறிய உதாரணமாக, ஐந்து சுண்டல்களில் மூன்று தலைகள் தொடர்ந்து சேராத வரிசைகள் எத்தனை என்று பார்ப்போம். அத்தகைய வரிசை பூவில் முடியும், அல்லது பூவுக்குப் பின் ஒரு தலையில் முடியும், அல்லது பூவுக்குப் பின் இரண்டு தலைகளில் முடியும்; வேறு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்திய மூன்றின் கூட்டுத்தொகையாகி, 1, 2, 4 என்று ஆரம்பித்து 7, 13, 24 என்று வளர்கிறது. மொத்த வரிசைகள் 32 ஆதலால், மூன்று தலைகள் சேர்ந்தவை எட்டு. இதே முறையில், ஆறு ஆறு எண்களாகக் கூட்டிக்கொண்டு நூறு வரை சென்றால், தொடர்ந்து ஆறு தலைகளாவது கொண்ட தாள் நூற்றுக்கு ஏறக்குறைய 55 என்று கிடைக்கும். ஐந்துக்கு அது 81, ஏழுக்கு 32.

கற்பனையால் எழுதுகிறவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள். மூன்று தலைகளை எழுதியதும், இனிப் பூ வந்தே தீர வேண்டுமென்று அவர்கள் மனம் நிர்ப்பந்திக்கிறது. நாணயத்துக்கோ முந்தியது ஞாபகமில்லை, ஐந்து தலைகளுக்குப் பின்னும் ஆறாவதற்குச் சரிபாதி வாய்ப்பு அப்படியே இருக்கிறது. நாற்பத்தொன்றாவது சுண்டலிலிருந்து ஆறும் தலையாகவே விழுமென்று முன்கூட்டிச் சொன்னால் அது 64இல் ஒன்றாகிய அபூர்வம்; தாளில் எங்கேயாவது விழுமென்று சொன்னால் அது சகஜம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பிரமைக்குக் காரணம். தலையிலும் பூவிலும் ஐந்து நீளத் தொடர் ஒன்றுகூட இல்லாத தாளைக் கற்பனை என்று நான் ஒதுக்கிவிடுகிறேன். மெய்த்தாள்களிலும் நூற்றுக்கு மூன்று அவ்வாறு அமைவதுண்டு என்பதால், அந்தத் தீர்ப்பு எப்போதும் பிழைக்கு இடம் கொடுத்தே நிற்கிறது.

சுண்டல்களை இரட்டித்தால் எதிர்பார்க்கும் நீளம் ஒன்றே ஒன்றுதான் கூடும்: இருநூறுக்கு ஏழு, ஆயிரத்துக்கு ஒன்பதுக்குச் சற்று மேல், பத்து லட்சத்துக்குப் பத்தொன்பது. இந்த மந்தமான வளர்ச்சியின் விதியைக் கணித அறிஞர்கள் எர்டோஷும் ரெனியும் 1970இல் நிறுவினார்கள். சராசரியை விட்டு விலகும் அளவும் இரண்டுக்கு உட்பட்டே நிற்பதால், ஒரே தாளில் பத்துத் தலைகள் தொடர்ந்து விழுந்தால் சந்தேகம் எழுவது நியாயந்தான். ஆனால் நாற்பது தாள்களைப் புரட்டிய பிறகு அப்படி ஒன்று கண்ணில் பட்டதானால், அது எதிர்பார்க்கத்தக்கதே; நேர்மையான நாணயமே நாற்பது தாள்களுக்குள் ஒன்றிரண்டில் அதைத் தந்துவிடும். ஆதலால் நாணயத்தைக் குற்றம் சாட்ட விரும்புகிறவர், அகப்பட்ட தொடரையே சாட்சியாக்காமல், எத்தனை தலைகள் விழுந்தால் சந்தேகிப்பது என்று முன்னதாகவே வரையறுத்துக்கொண்டு, அதே நாணயத்தைப் புதிதாக நூறு முறை சுண்டிப் பார்க்க வேண்டும்.