காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு

கருவுற்ற ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணின் பாதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு அளவுகள் இருக்கும். காலையில் எழுந்ததும் ஒன்று, மாலையில் வேலை முடிந்ததும் இன்னொன்று. காலணிக் கடையோ ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்கிறது.

ஐதராபாத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மதுரைப் பெண் ஒருவர் இந்தச் சிக்கலைத் தம் இருபத்தொன்பதாம் வாரத்தில் சந்தித்தார். விரல்களும் புறங்காலும் முழுதும் மூடிய காலணி இல்லாமல் அவருடைய ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது. அமிலமோ கரைப்பானோ சிந்தினால் முதலில் நனைவது கால்தான் என்பதால் எந்த ஆய்வகமும் இந்த விதியைத் தளர்த்துவதில்லை. ஆனால் இரண்டாண்டுகளாக அணிந்து வந்த ஐந்தாம் எண் ஷூவுக்குள், மதிய உணவுக்காகக் கழற்றிய கால் மறுபடி நுழைய மறுத்தது. பேறுகால விடுப்புக்கு முன் முடிக்க வேண்டிய வினைகள் மீதமிருந்தன. செருப்புடன் உள்ளே போக முடியாது, ஷூவுடன் மாலை வரை நிற்கவும் முடியாது.

பாதம் இப்படி மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது காலணியைத் தேர்ந்தெடுக்க உதவும். முதலாவது நீர். கருவுற்ற காலத்தில் உடலில் குருதிநீரின் அளவு கூடுகிறது. வளரும் கருப்பை, கால்களிலிருந்து குருதி மேலேறும் பெரிய சிரையை அழுத்துகிறது. நெடுநேரம் நிற்கும்போது நீர் கணுக்காலிலும் புறங்காலிலும் கசிந்து தேங்குகிறது. இரவில் படுத்ததும் அதன் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. இரண்டாவது எலும்புகளின் அமைப்பு. இயக்குநீர்களின் விளைவாக மூட்டுகளைக் கட்டி நிறுத்தும் நார்கள் தளர்கின்றன. கூடிய உடல் எடை மேலிருந்து அழுத்தும்போது பாதத்தின் உள்வளைவு சற்றே தாழ்ந்து, பாதம் நீண்டு அகல்கிறது. நீர் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். வளைவின் தாழ்வு அப்படி இறங்குவதில்லை.

மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மா எளிய வழி ஒன்றைச் சொன்னார்: "ஒரு நம்பர் கூட்டி வாங்கிக்கோம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க." மகள் உடனே மறுக்கவில்லை. அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார்.

அன்று மாலை ஆய்வகத்திலிருந்து திரும்பியதும் சுவரோரம் ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடுமாறு இரு கால்களிலும் சமமாக எடையூன்றி நின்றார். குனிய இயலாததால் அம்மாதான் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். உட்கார்ந்துகொண்டு அளந்தால் எடை ஏறாத பாதம் சிறிதாகவே தெரியும். பிறகு தையற்காரர் பயன்படுத்தும் டேப்பால் இரண்டு சுற்றளவுகளை எடுத்தார்கள். ஒன்று, பெருவிரலும் சுண்டுவிரலும் தொடங்கும் அகன்ற பகுதியில். மற்றொன்று, புறங்காலின் மேடான பகுதியில். மறுநாள் காலையிலும் இதே அளவுகளை எடுத்தார்கள்.

மாலையில் வலப்பாதம் 239 மில்லிமீட்டர், இடப்பாதம் 241 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. கருவுறுவதற்கு முன் நீளமான பாதம் 236 மில்லிமீட்டர். ஆக நீளத்தில் கூடியது 5 மில்லிமீட்டர்தான். புறங்காலின் சுற்றளவோ காலையில் 232, மாலையில் 246. ஒரே பகற்பொழுதில் 14 மில்லிமீட்டர் வேறுபாடு. சிக்கல் நீளத்தில் இல்லை என்பது தாளிலேயே தெரிந்துவிட்டது.

இந்தியக் கடைகளில் பரவலாக வழங்கும் பிரிட்டிஷ் எண்முறை, வாற்கோதுமை மணியின் நீளத்தை அலகாகக் கொண்டது. மூன்று மணிகள் ஓர் அங்குலம். எனவே ஓர் எண் கூடினால் காலணி ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் நீள்கிறது. அதே எண்ணுக்கு அதன் சுற்றளவு வழக்கமாகக் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் மட்டுமே கூடுகிறது. புறங்காலின் 14 மில்லிமீட்டருக்கு இடம் வேண்டுமென்றால் இரண்டு எண்களுக்கு மேல் ஏற வேண்டும். அப்போது காலணியின் நீளம் 17 மில்லிமீட்டர் மிகுந்துவிடும். அத்தகைய ஷூவில் அடியெடுக்கும்போது குதிகால் மேலே எழும்பிவிடும், முனை படிக்கட்டில் தட்டும். நாள் முழுதும் கால் சறுக்காமலிருக்க விரல்கள் உள்ளே மடங்கி அடித்தளத்தைப் பற்றிக்கொண்டே இருக்கும்.

மற்ற காலங்களில் இது ஒரு சிறு தொந்தரவு. ஏழாம் மாதத்தில் அப்படி இல்லை. வயிற்றின் எடையால் உடலின் ஈர்ப்பு மையம் முன்னே நகர்கிறது. அதை ஈடுசெய்ய இடுப்புக்கு மேற்பட்ட முதுகு பின்னால் வளைகிறது. கால்களை அகற்றி வைத்து நடப்பதும் இதனால்தான். கீழே பார்த்தால் தம் பாதமே தெரியாத நிலையில், படியின் விளிம்பைக் கால்தான் தடவி அறிய வேண்டும். கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த மாதங்களில் ஒருமுறையேனும் விழுகிறார் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. குதிகாலைப் பிடிக்காத காலணி அந்த ஆபத்தை மேலும் கூட்டும். கட்டைவிரல் இடுக்கில் மட்டும் மாட்டி நிற்கும் ஹவாய் செருப்பும் இதே வகையைச் சேர்ந்தது. வீக்கத்துக்கு இதமாக இருப்பதால் பலரும் அதற்கு மாறிவிடுகிறார்கள். ஆனால் மழைநீர் படிந்த மெருகிட்ட கருங்கல் தரையில் அது குதிகாலுக்கு எந்தப் பிடிப்பும் தராது.

ஆகவே அவர் கடையில் கேட்டது பெரிய எண்ணை அன்று. அதே எண்ணில், வாய் அகலத் திறந்து, மேற்புறத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் கூடிய மூடிய காலணியைக் கேட்டார். நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் விற்கப்படும் காலணிகளில் இத்தகையவை கிடைக்கின்றன. இரண்டு வெல்க்ரோ பட்டைகள், வட்டமான முன்பகுதி, உயரமான விரலறை கொண்டவை அவை. ஐந்தாம் எண் காலணியை உருவாக்கும் அச்சின் நீளம் 254 மில்லிமீட்டர். அவருடைய நீண்ட பாதத்துக்கும் அதில் 13 மில்லிமீட்டர் மிஞ்சியது. நின்றபடி மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தால் போதும். முனை கூரான காலணியில் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே மிஞ்சிய நீளத்துக்குள் விரல்கள் போக முடியாது.

வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்தார். குதிகாலைச் சூழும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அது மடங்காமல் நின்றது. இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கியபோது நடுப்பகுதி திருகவில்லை. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் அடித்தளம் வளைந்தது. குதிகால் உயரம் சுமார் 2 சென்டிமீட்டர், அதுவும் அகலமானது. காற்றோட்டத்துக்கு வலைத்துணி மேற்புறம் நல்லதுதான். ஆனால் திரவம் ஊடுருவும் என்பதால் ஆய்வகத்துக்கு அது ஆகாது. துடைக்கக்கூடிய மேற்புறமுள்ளதையே எடுத்தார்.

அணிவதில்தான் புதிய தடை எழுந்தது. பாதுகாப்பாக நடக்க உதவும் காலணி, குனிந்து மாட்ட வேண்டிய காலணியாகவும் இருந்தது. நம் ஊர்களில் வீட்டு வாசலிலும் நண்பர் இல்லத்திலும் கோயிலிலும் ஒரு நாளில் பலமுறை கழற்றி மாட்ட வேண்டும். ஒற்றைக்காலில் நின்றபடி மாட்ட முயலும் அந்த நேரத்திலும் விழக்கூடும். வாசலில் ஒரு நாற்காலியை நிரந்தரமாகப் போட்டார்கள். உட்கார்ந்து, கணுக்காலை மறு முழங்காலின் மேல் பக்கவாட்டில் ஏற்றினால் கைக்கு முதலில் எட்டுவது பாதத்தின் உட்புறம். ஆனால் காலணியின் பட்டைகள் வெளிப்புறம் ஒட்டுபவை. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பட்டைகளை உட்புறம் ஒட்டுமாறு மாற்றித் தைத்துக்கொண்டார். நீண்ட கைப்பிடியுள்ள ஷூ ஹார்ன் ஒன்று குதிகாலை உள்ளே செலுத்த உதவியது.

பட்டையின் நுனி ஒட்டும் இடத்தில் அவர் பேனாவால் இரு கோடுகள் இட்டிருந்தார், காலைக்கு ஒன்றும் மாலைக்கு ஒன்றும். இறுக்கத்தை ஒவ்வொரு முறையும் தேடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. முப்பத்து நான்காம் வாரத்தில் ஒரு காலை, வலக்காலின் பட்டை காலைக் கோட்டில் ஒட்டியது. இடக்காலின் பட்டையோ மாலைக் கோட்டைத்தான் எட்டியது. இரவு முழுதும் படுத்திருந்தும் ஒரு காலில் மட்டும் வீக்கம் வடியவில்லை. கெண்டைக்காலில் இலேசான வலியும் இருந்தது.

இயல்பான வீக்கம் பெரும்பாலும் இரு கால்களிலும் ஏறத்தாழ ஒன்றாக ஏறி ஓய்வில் குறையும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு தோன்றினால் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். கருவுற்ற காலத்தில் அது இடக்காலில்தான் மிகுதியாக நேர்கிறது. முகமும் கைகளும் திடீரென வீங்கி, கடும் தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அது பிரீஎக்ளாம்ப்சியாவின் அறிகுறியாக இருக்கலாம். குருதியழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் காலணியைத் தளர்த்துவது மருந்தாகாது.

அவர் அன்று ஆய்வகத்துக்குப் போகவில்லை, மருத்துவமனைக்குப் போனார். குருதியழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் உண்டா என்று சோதித்தார்கள், காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். உறைவு இல்லை. ஆனால் நெடுநேரம் அசையாமல் நிற்பதைக் குறைக்குமாறு மருத்துவர் கூறினார். அதன்பின் ஆய்வகத்தில் உயரமான முக்காலி ஒன்றும் கால் வைக்க ஒரு சிறு பலகையும் வந்தன. அரைமணிக்கு ஒருமுறை வராந்தாவில் ஒரு நடை நடந்து வருவதும் வழக்கமாயிற்று. நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. மேற்கொண்ட வினைகளில் இரண்டை முடித்து, மூன்றாவதை உடன் பணிபுரிந்த தோழியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் விடுப்பில் சென்றார்.

பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் நீர் வடிந்துவிட்டது. ஆனாலும் பழைய ஷூ முன்போல் பொருந்தவில்லை. 2013-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 49 பெண்களின் பாதங்கள் கருவுற்ற தொடக்கத்திலும் பிரசவத்துக்கு 19 வாரங்கள் கழித்தும் அளக்கப்பட்டன. அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினரின் பாதங்கள் நீண்டும் அகன்றும் போயிருந்தன. மாற்றம் மிகுதியாகத் தெரிந்தது முதல் கருவுறுதலில்தான். ஆகவே பழைய காலணிகளை எடுத்து வைத்து, வீக்கம் முற்றும் வடிந்த பின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, விலையுயர்ந்த புதிய ஷூவை வாங்குவதே சிக்கனம்.

குழந்தைக்கு ஐந்து மாதமானபோது அம்மா அதே தாளில் மூன்றாவது கோட்டை வரைந்தார். அகலத்தில் அது காலைக் கோட்டோடு பொருந்தியது. நீளம் 239 மில்லிமீட்டர், பழைய அளவைவிட 3 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டாண்டுகளாக அணிந்த ஷூவை அவர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவிக்குக் கொடுத்துவிட்டார்.